"எங்க நாய் இதுவரை யாரையும் கடிச்சதில்லை சார்"

நாய்க்கடி விவகாரத்தில் என்னிடம் வரும் உரிமையாளர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான். அதை மட்டும் நம்பி நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

ஒரு வழக்கைப் பாருங்கள். கேட் திறந்திருந்தது, நாய் சங்கிலியில் இல்லை. தெருவில் நடந்துபோன தையல்காரப் பெண்ணின் கெண்டைக்காலை அது கடித்துவிட்டது. உரிமையாளர் முதல் ஊசிக்குப் பணம் கொடுத்தார், அதோடு முடிந்தது என்று நினைத்தார். ஆனால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் போட வேண்டும். காயம் ஆழமென்றால் இம்யூனோகுளோபுலினும் தேவை. காலால் மிதிக்கும் மெஷின் என்பதால் அந்தப் பெண்ணால் 20 நாள் தைக்க முடியவில்லை. நாளுக்கு 600 ரூபாய் வீதம் வருமான இழப்பு மட்டுமே 12,000 ரூபாய்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 291வது பிரிவு (பழைய இ.பி.கோ. 289), விலங்கைத் தன் வசம் வைத்திருப்பவர் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாவிட்டால், 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. 'வசம் வைத்திருப்பவர்' என்பதைக் கவனியுங்கள். லைசென்ஸ் அப்பா பேரில் இருந்தாலும், கடித்த நேரத்தில் நாயைப் பிடித்துப் போனது மகன் என்றால் கேள்வி மகனை நோக்கியும் வரும். சின்னக் கீறலுக்கு இந்தப் பிரிவு பொருந்துமா என்று உரிமையாளர் தரப்பு வாதாடும். அதனால் காயத்தின் அளவு மருத்துவப் பதிவில் தெளிவாக இருக்க வேண்டும்.

அபராதம் அரசுக்குப் போகும். அதிலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பங்கு தர நீதிமன்றம் உத்தரவிடலாம், ஆனால் மொத்தமே 5,000தான். தையல்காரப் பெண்ணின் இழப்புக்கு உரிய தொகை வேண்டுமானால் உரிமையியல் வழக்குதான் வழி. அதற்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. கடிக்கும் சுபாவம் தெரிந்தே வளர்த்தார் என்று நிரூபித்தால், கவனக்குறைவைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. முன்பு கடிபட்ட அக்கம்பக்கத்தவரின் சாட்சியம் இங்கே பெரிய பலம். முன்பு கடித்ததே இல்லை என்றாலும் உரிமையாளர் தப்பிவிட முடியாது. திறந்த கேட்டும் கழற்றிய சங்கிலியும் கவனக்குறைவுக்குச் சான்றாகும். 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டும் தெருவில் போகிறவர் விஷயத்தில் உதவாது. அது வீட்டுக்குள் வருபவருக்கான எச்சரிக்கை. சுபாவம் தெரிந்தே வைத்திருந்தார் என்று அதையே காட்டி கடிபட்டவர் தரப்பு வாதாடவும் இடமுண்டு. கடிபட்டவர் கல்லால் அடித்து நாயைச் சீண்டியிருந்தால் கதை வேறு.

கடிபட்டவர்கள் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யார் வீட்டு நாய், எந்தத் தெரு, எத்தனை மணி என்று ஓ.பி. சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். 'நாய்க்கடி' என்று மட்டும் இருந்தால் அது தெருநாய் என்று பிறகு மறுப்பார்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். எதிர்வீட்டு சி.சி.டி.வி. பதிவு சில நாட்களில் அழிந்துவிடும், அதை முதலில் கேட்டு வாங்குங்கள். கோர்ட்டுக்குப் போக வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.