அரைக் குளிசையும் பத்துக் கிலோப் பிள்ளையும்

உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா, ஒரு வயது மகனைத் தோளில் போட்டபடி நான் வேலை செய்யும் பாமசிக்கு வந்தார். "தம்பி, ரெண்டு நாளாக் காய்ச்சல். எங்கட பனடோலைப் பாதியா உடைச்சு, சீனித்தண்ணியில கரைச்சு நாளுக்கு நாலு தரம் குடுத்தன். விடேல்ல. இப்ப சத்தியும் எடுக்கிறான்."

பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் கேட்டேன். நல்லவேளை, கையோடு கொண்டுவந்திருந்தார். போன மாதம் நிறுத்த நிறை 10 கிலோ.

கணக்கு இதுதான். பனடோலில் இருப்பது பரசிற்றமோல். அது பிள்ளைகளுக்கு ஒரு தடவைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். இந்தப் பையனுக்கு 150. குளிசை ஒன்றில் 500 இருக்கிறது, பாதியென்றால் 250. நாலு தரம் கொடுத்தால் நாளுக்கு 1000 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 100. நாங்கள் பிள்ளைகளுக்கு வைக்கும் எல்லை நாளுக்குக் கிலோவுக்கு 60. குளிசை பாதியானது சரி, ஆனால் பிள்ளை அப்பாவில் பாதியில்லையே! அறுபது கிலோ அப்பாவில் ஆறில் ஒரு பங்குதான் இவன். அரைக் குளிசை அளவாக இருப்பது ஏறக்குறைய 17 கிலோப் பிள்ளைக்கு, நாலைந்து வயதில்.

கூடிப்போனால் என்ன நடக்கும்? பரசிற்றமோலின் பெரும்பகுதியை ஈரல் வேறு பொருட்களோடு இணைத்து, சிறுநீரில் போகக்கூடியதாக மாற்றிவிடும். சிறு பகுதி மட்டும் ஒரு நச்சுப் பொருளாக மாறும். அதை அடக்க ஈரலில் குளூட்டாதயோன் என்றொரு பொருள் இருக்கிறது. அளவான மருந்துக்கு அது தாராளமாகப் போதும். மருந்து நாள்தோறும் மிஞ்சினால் நஞ்சும் கூடும், குளூட்டாதயோன் தீர்ந்துகொண்டே வரும். உடல் அதைச் செய்வது சாப்பாட்டில் வரும் புரதத்தைக் கொண்டு. காய்ச்சல்காரப் பிள்ளையோ சாப்பிடாது. ஆக, செலவு கூடும் நேரத்திலேயே வரவும் குறைகிறது. கையிருப்பு தீர்ந்தபின் அந்த நஞ்சு ஈரல் கலங்களையே பிடித்துக்கொள்கிறது.

இதில் பொல்லாத விஷயம், தொடக்க அறிகுறிகள். சத்தி, சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு. எல்லாம் காய்ச்சலிலும் வருவதுதான். "காய்ச்சல் இன்னும் விடேல்ல" என்று தாய் இன்னொரு பாதியை உடைப்பார். வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, கண் மஞ்சளாவது எல்லாம் பிந்தித்தான் வரும்.

சரி, நிறையை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. 1950களில், பிறந்து சில நாட்களேயான குழந்தைகளுக்குக் குளோரம்பெனிக்கோல் என்ற அன்ரிபயோட்டிக் மருந்தைக் கொடுத்தபோது, சிலரின் உடல் சாம்பல் நிறமாகி, இறந்தும் போனார்கள். நிறைக்கேற்ற கணக்கில்தான் கொடுத்தார்கள். ஆனால் பிறந்து சில நாட்களேயான ஈரலுக்கு அந்த மருந்தை மாற்றி வெளியேற்றும் திறன் இன்னும் முற்றவில்லை, சிறுநீரகத்துக்கும் அப்படித்தான். மருந்து உள்ளேயே தேங்கிவிட்டது. இரண்டு மூன்று வயதில் கதை தலைகீழ். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பீன் போன்ற சில மருந்துகளை அந்த வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக வெளியேற்றுவார்கள், அதனால் கிலோவுக்குக் கூடுதலாகவே தேவைப்படும். நிறையும் வயதும் இரண்டும் வேண்டுவது இதனால்தான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கணக்கே போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன்.

உடைக்கவே கூடாத குளிசைகளும் உண்டு. மெதுவாகக் கரையும்படி செய்த 665 மில்லிகிராம் பரசிற்றமோல் அப்படிப்பட்டது. பல மணி நேரத்துக்கென்று வைத்த மருந்து, நசுக்கினால் ஒரேயடியாக இறங்கிவிடும்.

அந்தப் பையனுக்கு நான் மருந்து கொடுக்கவில்லை. எந்த எந்த நேரம் எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு துண்டில் எழுதி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அங்கே இரத்தம் எடுத்து ஈரலைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் குளூட்டாதயோனை மீட்டுத்தரும் மாற்று மருந்தை நாளத்தில் ஏற்றுவார்கள், அது முந்தினால்தான் நன்றாக வேலை செய்யும்.

பையன் தப்பிவிட்டான். அடுத்த கிழமை அக்கா திரும்ப வந்தபோது பாணிமருந்துப் போத்தலோடு ஊசியில்லாத சிரிஞ் ஒன்றும் கொடுத்தேன். வீட்டுத் தேக்கரண்டிகளில் ஒன்று மூன்று மில்லிலீற்றர் பிடிக்கும், இன்னொன்று ஏழு பிடிக்கும். அந்தப் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். 150 வேண்டுமென்றால் ஆறேகால் வரும். ஆறில் பேனையால் ஒரு கோடு போட்டேன். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் வேண்டாம். கோடு இந்தப் போத்தலுக்கு மட்டும்தான் என்றும் சொன்னேன். 5 மில்லிலீற்றருக்கு 250 உள்ள போத்தலும் கடைகளில் இருக்கிறது. அதற்கு அவனுடைய கோடு மூன்றில்.