சமையல் பணியாளர்களுக்கான ஃபாஸ்டாக் பயிற்சிச் சான்று: எங்கே ஏமாறுகிறார்கள்?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நடத்தும் ஃபாஸ்டாக் என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் சான்று இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் மீண்டும் பயிற்சி எடுத்தே புதிய சான்று பெற வேண்டும்.

மூன்று தாள்களை ஒன்றென நினைப்பதில்தான் பெரும்பாலோர் சிக்குகிறார்கள். உரிமம் அல்லது பதிவுச் சான்று கடைக்கு உரியது. மருத்துவத் தகுதிச் சான்று, உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதனை செய்து வாங்க வேண்டியது. பயிற்சிச் சான்றோ தனிநபருக்கு உரியது. சுவரில் உரிமம் தொங்குகிறது என்று மற்ற இரண்டையும் மறந்துவிடும் முதலாளிகளால், ஆய்வு நாளன்று பதில் சொல்லத் தெரியாமல் நிற்பவர் சமையற்கட்டில் இருக்கும் தொழிலாளிதான்.

ஒவ்வொரு 25 பணியாளருக்கும், அதன் பகுதிக்கும், பயிற்சி பெற்ற ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். முப்பது பேரை வைத்துத் திருமணச் சமையல் எடுக்கும் ஒப்பந்ததாரருக்கு இருவர் தேவை. ஒருவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, அவரும் வேலையை விட்டுப் போய்விட்டால், சான்று அவருடனேயே போய்விடும். மீதமுள்ளோருக்காகக் காட்ட அங்கு எதுவும் இருக்காது. அதனால்தான் சில முதலாளிகள் சான்றைத் தங்கள் மேசையில் பூட்டி வைக்கிறார்கள். அப்படி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. சான்று உங்கள் பெயரில் உள்ளது, இணையதளத்திலிருந்தே பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆகவே பதிவு செய்யும்போது உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையே கொடுங்கள்; பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே ஏறியிருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். பிறகு திருத்தப் போனால், அலுவலகம் பயிற்சி நிறுவனத்தைக் கைகாட்டும், நிறுவனம் அலுவலகத்தைக் கைகாட்டும். இடையில் போவது உங்கள் நாட்கூலி.

உணவு வழங்கல் பிரிவில் அடிப்படைப் பயிற்சி சுமார் நான்கு மணி நேரம், மேம்பட்ட பயிற்சி சுமார் எட்டு மணி நேரம். இறுதியில் ஒரு தேர்வும் உண்டு. கைகழுவுதல், காயத்துக்கு நீர்புகாத கட்டு, பச்சை இறைச்சிக்கும் காய்க்கும் தனித்தனிப் பலகை, பூச்சிக் கட்டுப்பாடு, பொரித்த எண்ணெயை எப்போது கொட்டுவது ஆகியவை வரும். அதிகம் கவனிக்க வேண்டியது வெப்பநிலை: குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும், சூடானது 60 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டும். காலையில் வைத்த சாம்பார் அண்டா மூடியோடு மண்டபத்தில் மதியம் வரை ஆறிக்கொண்டே இருந்தால், அது அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது.

வகுப்பே இல்லாமல், ஆதார் நகலும் பணமும் கொடுத்தால் சான்று வரும் என்று ஒரு தரகர் சொன்னால் நம்பாதீர்கள். fostac.fssai.gov.in தளத்தில் உள்ள பயிற்சி நிறுவனத்திடமே சேருங்கள். கட்டணத்தைக் கேட்டு, ரசீது வாங்குங்கள். முதலாளி அதைச் சம்பளத்தில் பிடித்தால், பிடித்த தொகை எழுத்தில் இருக்கட்டும்.