முதலாளி பங்கு 3.25%: இ.எஸ்.ஐ. பணம் யார் பையிலிருந்து போகிறது?

தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்காகச் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று பிடிப்பது 0.75 சதவீதம். அதோடு முதலாளி 3.25 சதவீதம் போட வேண்டும், ஆக மொத்தம் 4. 2019 ஜூலையில் வந்த பங்கீடு இது. சிறு தொழிற்கூடங்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு என்பதால், "பெரும்பகுதியைக் கம்பெனிதானே சார் கட்டுது" என்று தொழிலாளர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். சலானைக் கட்டுவது கம்பெனிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பணம் யாருக்குக் குறைகிறது என்பது வேறு கதை.

ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள். இருபதுக்குக் கீழே என்பதால் பி.எஃப். கட்டாயமில்லை, கணக்கும் எளிது. புதிதாக ஒரு ஃபிட்டரை எடுக்க வேண்டும். முதலாளி மனதில் ஓடுவது "இவருக்காக மாசம் 20,000 வரை செலவு பண்ணலாம்" என்பதுதான். அந்த 20,000-க்குள் தன் 3.25 சதவீதமும் அடங்க வேண்டும் என்று பார்த்தால் சம்பளம் 19,370 ஆகிறது. முதலாளி பங்கு 630, தொழிலாளி பிடித்தம் 146, கைக்கு வருவது 19,224.

இப்போது சட்டம் தலைகீழாக மாறி, 4 சதவீதமும் தொழிலாளியே கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியின் கணக்கு அதே 20,000 என்றால் அவர் முழுதையும் சம்பளமாகவே பேசிவிடுவார். பிடித்தம் 800, கைக்கு 19,200. முழுதும் முதலாளி தலையில் என்றால் சம்பளம் 19,231, அதில் பிடித்தமே கிடையாது. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே வித்தியாசம் வெறும் 31 ரூபாய்! அதுவும் 4 சதவீதத்தை எந்தத் தொகையின் மேல் போடுகிறோம் என்பதால் வருவது.

இந்தக் கணக்கு அப்படியே நடக்க ஒரு நிபந்தனை உண்டு. சம்பளத்தைப் புதிதாகப் பேசும் நேரமாக இருக்க வேண்டும். ஏற்கனவே பேசி முடித்த சம்பளத்தில் சட்டத்தின் பங்கீடு நிஜமாகவே வேலை செய்யும். 2019-இல் முதலாளி பங்கு 4.75-இலிருந்து 3.25-க்கும், தொழிலாளி பங்கு 1.75-இலிருந்து 0.75-க்கும் இறங்கியது. 19,370 சம்பளக்காரருக்கு மாசம் சுமார் 194 ரூபாய் உடனே கையில் கூடியிருக்கும். முதலாளிக்கு மிச்சமாகும் 291 ரூபாய் முதலாளியிடமே நிற்கும். அந்த 291-இல் ஏதாவது தொழிலாளிக்கு வருமா என்பது அடுத்த இன்க்ரிமென்ட் பேச்சில்தான் தெரியும். அங்கே ஆளின் மவுசு பேசும். வேலை தெரிந்த சி.என்.சி. ஆபரேட்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார் என்ற பயம் முதலாளிக்கு இருந்தால் கொடுப்பார். கேட்டில் பத்துப் பேர் வேலை கேட்டு நிற்கும் ஹெல்ப்பர் வேலை என்றால் அவ்வளவு சுலபமில்லை.

வெளிநாட்டு அனுபவமும் இரண்டு பக்கமாகத்தான் இருக்கிறது. 1981-இல் சிலி நாடு முதலாளிகளின் சம்பள வரியைப் பெரிதாகக் குறைத்தபோது, அந்த மிச்சம் பெரும்பாலும் தொழிலாளர் சம்பளமாகவே மாறியது. ஸ்வீடன் 2007-இல் தொடங்கி இளைஞர்களுக்கான முதலாளி வரியைக் குறைத்தபோது அவர்கள் சம்பளம் அப்படி ஏறவில்லை, வேலைக்கு எடுத்த ஆட்கள்தான் கூடினார்கள்.

இன்னொரு இடமும் இருக்கிறது, குறைந்தபட்ச ஊதியம். அதே அளவில் சம்பளம் வாங்குபவருக்கு அதற்குக் கீழே குறைக்கச் சட்டம் விடாது, அதனால் 3.25 முதலாளி மேலேயே விழும். அப்புறம் அவர் என்ன செய்வார்? ஒரு ஆளைக் குறைப்பார், இருக்கிறவர்களிடம் ஓவர்டைம் கேட்பார், அல்லது ரெஜிஸ்டரில் பேர் ஏறாத ஆளை வைப்பார். கடைசியாகச் சொன்னது குற்றம். சுமையும் அந்தப் பேர் ஏறாத ஆள் மேல்தான், அடிபட்டால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காட்ட அவரிடம் அட்டை இருக்காது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேரும்போதே 19,370 என்று பேசுவது தப்பில்லை. 20,000 சம்பளம் என்று பேசிவிட்டு, முதலாளி பங்கையும் சேர்த்து மாசாமாசம் பிடித்தால் அது சட்டவிரோதம். கண்டுபிடிப்பது சுலபம்: சீட்டில் உள்ள இ.எஸ்.ஐ. பிடித்தத்தை, இ.எஸ்.ஐ. போடும் சம்பளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 0.75-க்குப் பக்கத்தில் வந்தால் சரி (ரூபாய்க்கு முழுமைப்படுத்துவதால் கொஞ்சம் கூடும்). 4 வந்தால் உங்கள் தலையில் இரண்டு பங்கும் ஏற்றியிருக்கிறார்கள், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

ஆஃபர் லெட்டரில் "சி.டி.சி. 20,000" என்று இருந்தால், அது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு; முதலாளி பங்கு அதற்குள்ளேயே ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கம்பெனி 20,000 கிராஸ் என்கிறது, இன்னொன்று 20,000 சி.டி.சி. என்கிறது, இரண்டும் ஒன்று என்று நினைத்துச் சேருபவர்கள் நிறைய. முதலாவதில் கைக்கு வருவது 19,850, இரண்டாவதில் 19,224. மாசம் 626 ரூபாய் வித்தியாசம். சேருவதற்கு முன்னால் பேசினால்தான் அதைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது.