காய்ந்துபோன வழுக்கி: "போதாது" என்ற ஒரு சொல்லின் கதை

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார்: "அக்காவுக்கு கிளினிக்கில பாப் பரிசோதனை செஞ்சாங்க. ஒரு மாசம் கழிச்சு மிட்வைஃப் மிஸ் லயத்துக்கே வந்து, ரிப்போர்ட் சரியில்ல, திரும்ப எடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க. அன்னையிலருந்து அக்கா ஒழுங்காச் சாப்பிடுறதில்ல. கேன்சர்னு நேரா சொல்லாம இழுக்கிறாங்களா?"

இல்லை தங்கச்சி. சந்தேகமான கலம் ஒன்றே ஒன்று கண்ணில் பட்டிருந்தாலும் கலங்களைப் பூசிய கண்ணாடித் தகடான அந்த வழுக்கிக்கு, ஆய்வுகூடத்தில் அதைப் பார்க்கும் நாங்கள் "போதாது" என்று எழுதமாட்டோம், கண்டதை எழுதுவோம். அது எங்கள் விதி. மிஸ் "சரியில்ல" என்று சொன்னதில்தான் பயம் புகுந்திருக்கிறது. திரும்ப எடுக்கச் சொன்னால், ஆய்வுகூடத்திலிருந்து போன சொல் பெரும்பாலும் "போதாது". சரியில்லை என்றால் உடம்பில் குறை. போதாது என்றால் வழுக்கியில் குறை.

இதே விஷயத்தை விளக்கிப் போன வருடம் ஒரு வைத்திய அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். ஊவாப் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் ஜூலை மாதம் ஒரே நாளில் எடுத்த நான்கு வழுக்கிகளை "போதாது" என்று திருப்பியிருந்தேன். அவர் நியாயமாகவே கேட்டார்: "கலங்கள் நிறைய இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு எப்படிப் போதாது?" அந்தக் கேள்விக்குள்தான் எனக்கு மிகப் பிடித்த அறிவியல் இருக்கிறது.

பாப் பரிசோதனையின் அடிப்படையைப் பலரும் அறிவீர்கள். கர்ப்பப்பைக் கழுத்தில் இரண்டு வகை மேற்படைகள் சந்திக்கும் வளையம் ஒன்று உண்டு. எச்.பி.வி. வைரஸ் நீண்டகாலம் தங்கிக் கலங்களை மாற்றுவது பெரும்பாலும் அங்கேதான். மரத்தாலான சிறு கரண்டியால் அந்த வளையத்தைச் சுற்றி வழித்து, கண்ணாடி வழுக்கியில் பூசி, அற்ககோலில் போட்டு, சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்கிறோம். 1943இல் பாப்பனிகொலாவும் ட்ராவுட்டும் இதை நூலாக வெளியிட்டபோது மரக்கரண்டி இன்னும் வரவில்லை, ஆனால் வழுக்கியில் பூசி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பதில் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசமில்லை.

பூசுவதற்கும் அற்ககோலில் போடுவதற்கும் நடுவில் உள்ள அந்தச் சில விநாடிகளைப் பற்றித்தான் கடிதம் முழுவதும் எழுதினேன்.

ஒரு முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றினால் தட்டையாகப் பரவி அகலமாகும். அதே முட்டையைக் கொதிக்கும் நீரில் மெதுவாக இறக்கினால் பரவ நேரமில்லாமல் உருண்ட வடிவிலேயே உறையும். சூடு முட்டைப் புரதத்துக்குச் செய்வதை 95 சதவீத அற்ககோல் கலத்தின் புரதத்துக்குச் செய்கிறது. நீரை இழுத்தெடுத்துப் புரதத்தை அந்த இடத்திலேயே உறைய வைக்கிறது. கலம் கொஞ்சம் சுருங்கும், ஆனால் உள்ளே இருந்த ஒழுங்கு அப்படியே நிற்கும். கலத்தின் நடுவிலுள்ள கருவின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். கருவுக்குள் டி.என்.ஏ. இழைகள் மெல்லிய பொடி தூவியதுபோல் சமமாக இருக்கின்றனவா, கட்டி கட்டியாக ஒதுங்கியிருக்கின்றனவா என்று பார்க்கலாம். நோயைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கட்டிகளும் கோணலான விளிம்பும்தான்.

அற்ககோலுக்கு முன் காற்று முந்திக்கொண்டால், கலம் தட்டில் ஊற்றிய முட்டையாகிவிடுகிறது. மேலிருக்கும் ஈரப்படலம் வற்ற வற்ற அதன் பரப்பிழுவிசை கலத்தைக் கண்ணாடியோடு அழுத்தித் தட்டையாக்கும். கரு அகலமாகும். அகன்ற அளவுக்கு மெலிவதால் சாயம் வெளிறும். பொடியும் கட்டியும் ஒன்றாகக் கரைந்து, மை ஊறிய காகிதம்போல் மங்கலாகும். குழியவுருவின் நிறமும் மாறும்: நீலப்பச்சையாக இருக்கவேண்டிய கலமெல்லாம் இளஞ்சிவப்பாகும்.

இதில் என்னை ஒவ்வொரு தடவையும் நின்று யோசிக்க வைப்பது ஒன்று. கருவின் அளவைத் தீர்மானிக்க நாங்கள் தனியாக அளவுகோல் வைத்திருப்பதில்லை. வழுக்கியிலேயே இருக்கும், மேற்படையின் நடு அடுக்கைச் சேர்ந்த இடைப்படைக் கலத்தின் கருதான் எங்கள் அளவுகோல். ஏறத்தாழ ஒரு செங்குருதிக் கலத்தின் அளவு அது. அதைவிட மூன்று மடங்கு பரப்புள்ள கருவைக் கண்டால் நிமிர்ந்து உட்காருவோம். காய்ந்த வழுக்கியில் அந்த அளவுகோலும் இழுபட்டுவிடுகிறது. ரப்பர் நாடாவால் துணி அளப்பது போன்ற நிலை. நல்ல கலமும் பெரிய கருவோடு நோயுற்றதாகத் தோன்றலாம். நோயுற்ற கலமும் கட்டிகள் மறைந்து வெளிறி நல்லதாகத் தோன்றலாம். இரண்டு பக்கமும் தவறு வரும், எந்தப் பக்கம் என்று அந்த வழுக்கியே சொல்லாது.

அதனால்தான் எண்ணிக்கை மட்டும் போதுவதில்லை. பாப் அறிக்கை எழுத நாங்கள் பின்பற்றும் பெதெஸ்டா முறைப்படி சாதாரண வழுக்கியில் குறைந்தது 8,000 அளவில் செதில் கலங்கள் வேண்டும், அவை தெளிவாகத் தெரியவும் வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் மறைந்தோ மங்கியோ போனால், பத்தாயிரக்கணக்கில் கலங்கள் கிடந்தாலும் அது போதாத வழுக்கிதான்.

டொக்டருக்கு எழுதிய கடிதத்தின் முக்கிய பகுதியை, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கித் தருகிறேன்:

"அன்புள்ள டொக்டர், நான்கில் முதலாவதை எடுத்துக்கொள்வோம். 35 வயது, கொழுந்து பறிக்கும் தாய், இரண்டு பிள்ளைகள், நோய்க்குறி ஏதுமில்லை. வழுக்கியில் கலங்கள் தாராளமாக உள்ளன. வழித்தெடுத்தவர் சரியான இடத்தில்தான் வழித்திருக்கிறார். கழுத்துக் கால்வாயின் கலங்களும் கிடைத்திருக்கின்றன. ஆனால் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மங்கலாக இருக்கிறது.

"முதலில் எங்கள் ஆய்வுகூடத்தைத்தான் சந்தேகப்பட்டேன். சாயமேற்றிய பின் சைலீனிலிருந்து எடுத்த வழுக்கி, மூடிக்கண்ணாடி ஒட்டுமுன் காய்ந்தாலும் பார்வை கெடும். ஆனால் அந்தக் கோளாறு வேறு மாதிரி. கலத்தின்மேல் காற்று சிக்கிப் பழுப்பாகப் பளபளக்கும், மூடியைக் கழற்றிச் சைலீனில் ஊறவைத்து மறுபடி ஒட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கழற்றி ஒட்டிப் பார்த்தோம். தெளியவில்லை.

"பிறகு சளி தடிப்பாகப் படிந்த ஓரத்தைப் பார்த்தேன். அங்கே கலங்கள் அழகாக, கூர்மையாக நிற்கின்றன. மெல்லிதாகப் பூசிய இடமெல்லாம் மங்கல். தடித்த இடம் கடைசியாகத்தான் காயும். ஆகவே அற்ககோலில் விழுமுன்பே வழுக்கி காய்ந்திருக்கிறது. அன்றைய மற்ற மூன்றும் இதேபோல் இருப்பதால், இது அந்தப் பெண்கள் எவருடைய உடம்பையும் சேர்ந்த விஷயமல்ல.

"ஈரப்படுத்தி மீட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காய்ந்த சற்று நேரத்துக்குள், அற்ககோல் படுமுன், உப்புக்கரைசலில் நனைத்தால் ஓரளவு மீளலாம். காய்ந்த வடிவிலேயே அற்ககோல் அதை உறைய வைத்துவிட்டது. இனி மீளாது.

"தயவுசெய்து இதை 'இயல்பானது' என்று பதியவேண்டாம். 35இல் செய்தவரை நம் திட்டம் மறுபடி அழைப்பது 45இல். அப்படிப் பதிந்தால், யாருமே பார்க்காத ஒரு கழுத்துக்குப் பத்து வருடத் தவணை கொடுத்தவர்களாவோம்.

"நாளைக்கே எடுக்கவும் வேண்டாம். வழித்த மேற்படை மறுபடி வளரும்போது, ஆறும் கலங்களின் கரு தானாகவே பெரிதாகி எங்களைக் குழப்பும். சுமார் மூன்று மாதம் விட்டு, ஒக்டோபரில், மாதவிடாய் இல்லாத நாளில் எடுங்கள். இரண்டாவது தடவையும் போதாமற்போனால் மூன்றாவது வழுக்கி வேண்டாம், கழுத்தை உருப்பெருக்கி நேரே பார்க்கும் கொல்பொஸ்கொப்பிக்கு அனுப்புங்கள். இடையில் உறவுக்குப் பின் இரத்தம் படுவதாக யாராவது சொன்னாலோ, கழுத்தில் புண் கண்ணுக்குத் தெரிந்தாலோ, எந்த வழுக்கிக்காகவும் காத்திருக்காமல் அப்போதே அனுப்புங்கள்."

மூன்றாம் நாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். அன்றைய கிளினிக் தோட்டத்து மண்டபத்தில், சன்னல்களைத் திறந்து வைத்து நடந்திருக்கிறது. அற்ககோல் போத்தல் அறையின் மறுமூலை மேசையில். உதவிக்கு இன்னொருவர் இல்லாததால், தாதி கரண்டியை வைத்து, உள்ளே விரித்துப் பிடிக்கும் கருவியான ஸ்பெகுலத்தை எடுத்து, அந்தத் தாயின் சேலையைச் சரிசெய்து விட்டுத்தான் மேசைக்குப் போயிருக்கிறார். மரியாதையான மனுஷி அவர். அந்த மரியாதைக்கு எடுத்த அரை நிமிடத்தில் கச்சான் காற்று வேலையை முடித்துவிட்டது. தென்மேல் காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு வரும். ஜூலையில் அங்கே கொடியில் போட்ட துணி எப்படிக் காய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். துணி காய்கிற காற்றில், தலைமுடி அளவு தடிப்பும் இல்லாத சளிப்படலம் எவ்வளவு நேரம் தாங்கும்?

மாற்றவேண்டியது சிறிய காரியம். போத்தலை மூடி திறந்து முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் ஸ்பெகுலத்தைத் தொடவேண்டும். பெயரைப் பென்சிலால் முன்பே எழுதி வைக்கவேண்டும் (பேனா மை அற்ககோலில் கரைந்துவிடும்). பூசிய கையாலேயே, மூச்சு விடுமுன், வழுக்கியைப் போத்தலில் இறக்கவேண்டும். ஸ்பெகுலம் அதன் பிறகு. காற்று வீசும் பக்கத்துச் சன்னலைச் சாத்தவேண்டும்.

காசு விஷயத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கலங்களை நேரே திரவத்தில் சேர்க்கும் புதிய முறையில் இந்தக் காய்தல் பிரச்சினை ஏறக்குறைய இல்லை, எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையோ கலத்தின் தோற்றத்தையே நம்புவதில்லை. அவை எல்லாத் தோட்டத்துக்கும் வரட்டும். வரும்வரை, கிளினிக் நாளில் உதவிக்கு இன்னொரு கையையும் இறுக்கமாக மூடும் போத்தல்களையும் கொடுக்கக் கேட்டால் அது சில்லறைச் செலவென்று தள்ளிப்போவதை நான் ஏற்கவே மாட்டேன். திரும்ப வரச் சொல்வதன் விலையைக் கொடுப்பது அந்தத் தாய்தான். கிளினிக்குக்கு வந்தால் அன்றைக்கு அவளுக்குப் பேர் இல்லை, அதாவது அந்த நாள் சம்பளம் இல்லை. மலையில் கொழுந்து இருக்கும் மாதத்தில் ஒரு பேர் போவது வீட்டில் என்னவென்று லயத்தில் வளர்ந்த எனக்குத் தெரியும்.

கடிதம் எழுதிய தங்கச்சி இன்னொன்றும் சொல்லியிருந்தார்: மாமியார், "ரெண்டாந்தரம் கூப்பிட்டா தெய்வக் குத்தம்" என்று நேர்த்தி வைத்திருக்கிறாராம். நேர்த்தியை நிறைவேற்றட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அக்கா கிளினிக்குக்குப் போகாமல் இருப்பதற்கு அது காரணமாகக்கூடாது. போகும் முன் இரண்டு நாள் உள்ளே மருந்தோ கிறீமோ வைக்காமல், உறவைத் தவிர்த்து, மாதவிடாய் முடிந்து சில நாள் கழித்துப் போகச் சொல்லுங்கள். முதல் தடவை என்ன காரணம் எழுதியிருந்தது என்று மிஸ்ஸிடம் கேட்கவும் சொல்லுங்கள். கேட்க அவருக்கு உரிமை உண்டு.

நான்கு பேரில் மூன்று பேரின் வழுக்கிகள் ஒக்டோபர் கடைசியில் வந்தன. அந்த 35 வயதுத் தாயுடையதை முதலில் வைத்துப் பார்த்தேன். நீலப்பச்சைக் கலங்கள், நடுவில் கூரான விளிம்போடு சின்னச் சின்னக் கருக்கள், உள்ளே சமமான பொடி. "போதுமானது, மாற்றம் ஏதுமில்லை" என்று எழுதினேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில், ஜூலை வழுக்கியில் மங்கலாகக் கிடந்த இடத்தில் ஒளிந்திருக்கக்கூடிய ஒரு கூட்டம் தெளிவாக நின்றது: குறைவான குழியவுரு, கட்டி கட்டியான கரு, கோணல் விளிம்பு. புற்றுநோய் அல்ல, அதற்கு முந்திய உயர்தர மாற்றம். அன்றைக்கே டொக்டரை அழைத்துக் கொல்பொஸ்கொப்பிக்குத் திகதி எடுத்தோம்.

நாலாவது வழுக்கி வரவில்லை. அந்தச் சகோதரி மகளோடு கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாராம். மிட்வைஃப் மிஸ் அவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.