ஆறு பேர் எங்கே போனார்கள்?

ஆய்வுக் கட்டுரை ஒன்றைச் செய்தியாக்க வேண்டும் என்றால், அதன் முடிவுரைக்கு முன்பாக நான் தேடுவது ஒரு கணக்கை: ஆய்வில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், கடைசிக் கணக்கில் எத்தனை பேர் வந்தார்கள்? துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் இதற்காக ஒரு கட்டுரையைப் படிக்கச் சொல்வேன். பிரான்சின் மார்செய் நகரிலிருந்து 2020 மார்ச்சில் வெளிவந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆய்வு அது.

மருந்து பெற்றவர்களில் 70 சதவீதம் பேருக்கு ஆறாம் நாள் கொரோனா வைரஸ் மறைந்தது, பெறாதவர்களில் 12.5 சதவீதம் பேருக்குத்தான் மறைந்தது என்றது கட்டுரை. அசத்தலான வித்தியாசம்தான். ஆனால் அந்த 70 சதவீதம் என்பது 20 பேரில் 14 பேர். மருந்துப் பிரிவில் முதலில் சேர்ந்தவர்களோ 26 பேர். மிச்சம் ஆறு பேர் என்ன ஆனார்கள் என்பதையும் கட்டுரையே சொல்கிறது. மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். ஒருவர் இறந்துபோனார். ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தினார். இன்னொருவர் மருத்துவமனையை விட்டுப் போய்விட்டார். இந்த ஆறு பேரையும் குணமாகாதவர்களாக வைத்துக் கணக்குப் போட்டால் 70 என்பது 54 ஆகிறது. உடல்நிலை மோசமானவர்களை விலக்கிவிட்டால் எந்த மருந்தும் நன்றாகத்தான் தெரியும்!

ஒப்பீட்டுப் பிரிவில் இருந்த 16 பேரும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்ல. சிகிச்சையை மறுத்தவர்களும் வேறு மருத்துவமனை நோயாளிகளும்தான். ஆகவே வித்தியாசம் மருந்தால் வந்ததா, ஆட்களால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

"சக ஆய்வாளர்கள் சரிபார்த்த கட்டுரைதானே?" என்று கேட்பார்கள். முதல் பக்கத்துத் தேதிகளைப் பாருங்கள் என்பேன்: வந்தது மார்ச் 16, ஏற்கப்பட்டது மார்ச் 17. எழுதியவர்களில் ஒருவர் அந்த இதழின் தலைமை ஆசிரியர் வேறு. அவகாசம் இருந்தாலும் மதிப்பாய்வாளர் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. தன்னிடம் வந்த கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கேள்வி கேட்கிறார், அவ்வளவே.

இன்னொன்று: ஆய்வு அளந்தது மூக்குச் சளியில் வைரஸ் தெரிகிறதா என்பதை. நோயாளி பிழைப்பாரா என்பதை அல்ல. பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வுதான் அதை எண்ணிப் பார்த்தது. குலுக்கல் முறையில் 1,561 பேருக்கு மருந்தும் 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சையும் கிடைத்தன. 28 நாளில் இறந்தவர்கள் முறையே 27 சதவீதமும் 25 சதவீதமும். மருந்து உயிரைக் காக்கவில்லை. மார்செய் கட்டுரை 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது.

அந்தக் கட்டுரை பற்றிய செய்தியை அன்றே நான் திருத்தியிருந்தால் முதல் வாக்கியம் இப்படி இருந்திருக்கும்: "மருந்து பெற்ற 26 பேரில் 14 பேரின் மூக்குச் சளியில் ஆறாம் நாள் வைரஸ் தென்படவில்லை, நால்வர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள்." தலைப்புக்கு ஆகாத வாக்கியம் என்று செய்தி ஆசிரியர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.