ஐ.டி.வி.யைக் குறைத்தால் கோடும் இறங்கும்

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிக்குப் பின்னால் மோதிய ஒரு காரை இன்சூரன்ஸ் சர்வேயராக தர்மபுரி ஒர்க்ஷாப்பில் பார்க்கப் போனேன். முன்பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது, இரண்டு ஏர்பேகும் வெடித்துத் தொங்கின. உரிமையாளர் கேட்டது ஒன்றுதான்: "சார், ரெடி பண்ணிக் குடுத்துருவாங்கல்ல?"

கார் வாங்கி மூன்று வருடம் தாண்டியிருந்தது. அதே மாடலின் ஷோரூம் விலை, பாலிசி புதுப்பித்த அன்று 8 லட்சம். ஐ.டி.வி., அதாவது கார் திருடுபோனாலோ முழுதாக நாசமானாலோ கொடுப்பதாக பாலிசியில் எழுதியிருக்கும் தொகை, இந்த விலையிலிருந்துதான் தொடங்கும். ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸுக்குக் கொடுத்த பணம் இதில் சேராது. இதில் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, அப்புறம் 20, 30, 40, ஐந்தாவது வருடத்தில் 50. இவர் காருக்கு 40 சதவீதம் போக 4,80,000 வர வேண்டும். பாலிசியில் இருந்ததோ 4,20,000. பிரீமியம் சுமார் 1,200 ரூபாய் குறையும் என்று ஆன்லைனில் இவரே குறைத்திருந்தார்.

பாலிசி விதிப்படி நான் கணக்கிட்ட ரிப்பேர் செலவு 3,40,000. இது ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை ரிப்பேர் செய்யாமல், டோட்டல் லாஸ் என்று ஐ.டி.வி. தொகையைக் கொடுத்து முடிப்பார்கள். ஐ.டி.வி. 4,80,000 என்றால் அந்த 75 சதவீதக் கோடு 3,60,000-இல் இருந்திருக்கும், கார் ரெடியாகி வந்திருக்கும். 4,20,000-க்குக் கோடு 3,15,000. தாண்டிவிட்டது. கட்டாயப் பிடித்தம் 1,000 போக 4,19,000. அதில் கார் லோன் பாக்கி 2,60,000 நேராக பேங்குக்குப் போனது. கைக்கு வந்தது 1,59,000, வாசலில் கார் இல்லை. உடைந்த வண்டியை வைத்துக்கொள்கிறேன் என்றால் அதன் மதிப்பையும் கழிப்பார்கள் என்றதும் அதையும் விட்டுவிட்டார்.

பலர் கவனிக்காத இடம் இது. பம்பரும் ஏர்பேகும் வருடா வருடம் மலிவாவதில்லை, கோடு மட்டும் இறங்கிக்கொண்டே வருகிறது. இதே காருக்கு ஒரு வருடம் முன்பு ஐ.டி.வி. 5,60,000, கோடு 4,20,000. அன்று ரிப்பேருக்குத் தகுதியான அடி, இன்று டோட்டல் லாஸ்.

ஒரு ஆறுதல், பாலிசி ஓடும் அந்த ஒரு வருடத்துக்குள் ஐ.டி.வி. தேயாது. பதினோராவது மாதம் கார் திருடுபோனாலும் பாலிசியில் உள்ள தொகைதான் கணக்கு. கதவில் கீறல், லைட் உடைந்தது போன்ற சின்ன கிளெய்முக்கு ஐ.டி.வி. குறுக்கே வராது. அங்கே கழிவது பாகங்களின் தேய்மானம். பிளாஸ்டிக், ரப்பருக்குப் பாதி. அந்தத் தேய்மானத்தைக் கழிக்காமல் தரச் சொல்லி கூடுதலாக எடுப்பதுதான் ஜீரோ டெப்.

ஐந்து வருடம் தாண்டிய காருக்கு இந்த அட்டவணை கிடையாது, இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் தொகைதான். திரையில் வரும் எண்ணை அப்படியே ஓ.கே. செய்யாதீர்கள். அதே வருடம், அதே மாடல் கார் கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு பழைய கார் வியாபாரிகளிடம் கேட்டுவிட்டு, அந்தத் தொகைக்குப் பக்கத்தில் ஐ.டி.வி. போடச் சொல்லுங்கள்.