மருந்து போட்ட மீனைக் கழுவிச் சமைத்தால் போதுமா?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் மீன் கடலிலிருந்து லாரியில் வந்து, பாசாரில் இறங்கி, அப்புறம் மோட்டார் சைக்கிளில் லயத்து வாசல்களுக்குப் போகிறது. ஐஸ் கரைந்துகொண்டே இருக்கும் பயணம் இது. "அண்ணே, ஐஸ் மீனா, மருந்து போட்ட மீனா?" என்று கெம்போங் மீனைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்துக் கேட்கும் அக்காவின் சந்தேகம் நியாயமானது. மருந்து என்று அவர் சொல்வது ஃபார்மலின். மீனைக் கெடாமல் வைக்க அதைச் சேர்க்க மலேசியச் சட்டம் அனுமதிக்கவில்லை. அப்படியும் சேர்த்திருந்தால், வீட்டில் நன்றாகக் கழுவிக் குழம்பு வைத்தால் போய்விடுமா? மீனுக்குள் ஃபார்மலின் என்னவாகிறது என்று பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

ஃபார்மால்டிஹைடு என்ற வாயு எடையில் சுமார் 37 சதவீதம் கரைந்திருக்கும் தண்ணீர்தான் ஃபார்மலின். அது வெண்பொடியாக உறைந்துவிடாமலிருக்கக் கொஞ்சம் மெத்தனாலும் சேர்த்திருப்பார்கள். மீனின் தசைப் புரதத்தில் நைட்ரஜன் கொண்ட அமீன் முனைகள் நிறைய உண்டு. ஃபார்மால்டிஹைடு முதலில் அவற்றில் ஒன்றோடு லேசாக ஒட்டிக்கொள்ளும். நேரம் போகப் போக அதே மூலக்கூறு பக்கத்துப் புரதத்தையும் பிடித்து, இரண்டு கயிறுகளை முடிச்சுப் போட்டதுபோல் இணைத்துவிடும். அழுகச் செய்யும் கிருமிகளின் புரதமும், மீன் சதையைத் தானே கரைக்கும் நொதிகளும் இப்படித்தான் செயலிழக்கின்றன. சதை விறைப்பாக, ரப்பர் மாதிரி நிற்பதும் இதனால்தான். ஏற்கெனவே கெட ஆரம்பித்த மீன் இதனால் புதிதாகிவிடாது, கெடுவதன் அடையாளங்கள்தான் மறையும்.

ஆகவே மீனில் மிஞ்சுவதை மூன்றாகப் பிரிக்கலாம். ஒட்டாமல் நீரில் கரைந்திருப்பது முதலாவது. மேற்பரப்பில் இருக்கும் இதில் ஒரு பகுதி கழுவினால் போகும், வேகும்போதும் கொஞ்சம் ஆவியாகும். முடிச்சாக இறுகியது இரண்டாவது. அதில் பெரும்பகுதி எளிதில் பிரிந்து வராது. நச்சியல் வல்லுநர்கள் அதிகம் கவலைப்படுவது, முதலாவதோடு சேர்த்து, இடைப்பட்ட மூன்றாவதைப் பற்றித்தான். லேசாக ஒட்டியிருக்கும் அது கழுவினால் போகாது, ஆனால் அமிலமும் சூடும் பட்டால் விடுபடும். ஆய்வகத்தில் மீனை அமிலம் சேர்த்து ஆவியில் வடிப்பதே அதையும் சேர்த்து அளக்கத்தான். நம் வயிற்றிலும் அமிலம் உண்டு என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

மெத்தனாலைப் பற்றி அவ்வளவு பயம் தேவையில்லை. மீனில் தங்கும் அளவு சொற்பம், ஒரு கோப்பைப் பழச்சாற்றில் இயற்கையாக அதைவிட அதிகம் இருக்கும்.

நம் உடலே தினமும் கொஞ்சம் ஃபார்மால்டிஹைடை உண்டாக்குகிறது. இரத்தத்தில் அது ஓரிரு நிமிடத்தில் ஃபார்மிக் அமிலமாக மாறிவிடும். அதனால் சாப்பாட்டில் வருவது முதலில் தாக்குவது தொட்ட இடத்தை, அதாவது இரைப்பையின் உட்சுவரை. 1989இல் வெளியான இரண்டாண்டு எலி ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 82 மில்லிகிராம் குடித்த எலிகளின் இரைப்பை புண்பட்டிருந்தது. 15 மில்லிகிராமில் அப்படி இல்லை. அந்த 15ஐ நூறால் வகுத்தால் வரும் 0.15ஐ 0.2 ஆக முழுமையாக்கி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மனிதருக்கான பாதுகாப்பான அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று வைத்தது.

சரி, இதை ஒரு சாப்பாட்டில் வைத்துப் பார்ப்போம். கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஃபார்மால்டிஹைடு உள்ள மீன் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ளவர் 150 கிராம் சாப்பிட்டால் உள்ளே போவது 7.5 மில்லிகிராம். அவருக்கான அளவு 12, அதற்குள் அடங்கிவிடுகிறது. அதே மீனில் 75 கிராமை 12 கிலோ எடையுள்ள குழந்தை சாப்பிட்டால் 3.75 மில்லிகிராம். குழந்தைக்கான அளவோ 2.4தான். மீனில் இருப்பது முழுவதும் விடுபடாது என்பதால் உண்மையான பாதிப்பு இதைவிடக் குறையலாம். ஆனாலும் பெரியவருக்குப் பொறுக்கும் மீன் அதே வீட்டுக் குழந்தைக்கு அளவைத் தாண்டுகிறது. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

புற்றுநோய் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முடிவு செய்தபோது, மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியின் புற்றுநோயே முக்கிய ஆதாரம். அது சுவாசித்தவர்களிடம் கண்டது, சாப்பிட்டவர்களிடம் அல்ல. ஆகவே தொட்டியில் மருந்தைக் கலந்து, அதன் ஆவியைத் தினமும் இழுக்கும் தொழிலாளிக்கே இந்த ஆபத்து நேரடியானது.

வாங்கும்போது ஒரே அறிகுறியை நம்ப வேண்டாம். ஈ மொய்க்காதது நல்ல ஐஸாலும் இருக்கலாம். முரண்பாட்டைத் தேடுங்கள்: கண் குழிந்து வெளுத்து, செவுள் பழுப்பாகியும் சதை மட்டும் கல்லாக நின்றால் அந்த மீன் வேண்டாம். நிறம் மாறும் சோதனைத் தாளிலும் கவனம் தேவை. காட் போன்ற மீன்களை உறையவைத்தால் அவற்றின் சொந்த நொதியே ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். எனவே தாள் நிறம் மாறியதும் வியாபாரியைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. எந்த மீன், எப்படி வைத்தது, எவ்வளவு இருக்கிறது என்பதை ஆய்வகத்தில் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.